நிலுவையில் இருக்கும் மனு: பட்டா மாறுதலும் இணையத்தில் அதன் நிலையும்

நிலம் வாங்கியவர் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டு வீடு திரும்பும்போது காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணுவது இயல்பு. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிவது விற்பனை மாத்திரமே. அரசாங்கத்தின் வருவாய்க் கணக்கில் அந்த நிலம் பெரும்பாலும் இன்னும் விற்றவர் பெயரில்தான் நிற்கிறது. அதை வாங்கியவர் பெயருக்கு மாற்றும் காரியம் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேறாக நடைபெற வேண்டும். அந்தக் காரியத்துக்குரிய மனு இப்போதெல்லாம் பதிவு அலுவலகத்திலிருந்தே கணினி வழியாக வருவாய்த் துறைக்குப் போய்ச் சேர்கிறது. அதற்கோர் எண் உண்டாகிறது. அந்த எண்ணைத் தமிழ்நாட்டு அரசின் இணையதளத்தில் இட்டால் மனு இன்னாரிடம் நிலுவையில் இருக்கிறது என்று ஒரு வரி தெரிகிறது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்த ஒரு வரி எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்பதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமென்று நான் கருதுகிறேன். ஏனெனில், அதைத் தவறாகப் படித்ததனால் மாதங்களை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிடுவது நியாயம். பழைய முறையில், மனு கொடுத்தவருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ள யாதொரு உபாயமும் கிடையாது. கர்ணம் உத்தியோகம் பரம்பரையாக இருந்த காலத்திலும், 1980-இல் அது ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பிறகும், நெடுங்காலம் இந்த நிலை மாறவில்லை. ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி நடக்கும்போது தாலுகா அலுவலகத்து வராந்தாவில் மனுவோடு நிற்பதும், அடுத்த பசலியிலும் அதே மனுவைப் புதிதாக எழுதிக்கொண்டு போவதும் வழக்கமாயிருந்தன. கட்டு எந்த மேஜையில் இருக்கிறது என்ற தகவலே ஒரு விற்பனைச் சரக்காக இருந்தது. அதை அறிந்து சொல்வதற்கென்றே தாலுகா வாசலில் இடைத்தரகர்கள் பிழைத்தார்கள். இணையத்தில் தெரியும் வரி அந்த வியாபாரத்தின் வேரில் கைவைத்தது. மனு கிராம நிர்வாக அலுவலரிடமா, நில அளவரிடமா, வட்டாட்சியரிடமா என்பதை வெளியூரில் இருக்கும் ஒருவர்கூடக் காசு செலவில்லாமல் அறியலாம் என்பது சாமானியமான முன்னேற்றம் அன்று. மேலும், மனு கிடைத்த தேதி அரசாங்கத்தின் கணக்கிலேயே பதிவாகிவிடுகிறபடியால், “உங்கள் மனு வரவேயில்லை” என்று பிற்பாடு எவரும் சொல்ல முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் தன் மனுவைப் பரிசீலிக்கும்படி உத்தரவு கேட்கிறவருக்கு அந்த எண்ணும் தேதியும் நல்ல ஆதாரம். குறைகளைப் பற்றி நான் கீழே சொல்வது எதுவும் இந்த நன்மையைக் குறைத்து மதிப்பதற்காக அன்று.

நிலையைச் சரியாகப் படிக்க வேண்டுமானால் முதலில் மனு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டா மாறுதல் இரண்டு வகை. ஒரு புல எண்ணை அல்லது அதன் உட்பிரிவை முழுவதுமாக ஒருவர் வாங்கினால், நிலத்தில் புதிய கோடு எதுவும் கிழிக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றினால் போதும். இது உட்பிரிவு இல்லாத மாறுதல். ஓர் உட்பிரிவின் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால், அதை அளந்து, எல்லை குறித்து, புலப்படத்தில் கோடு போட்டு, புதிய உட்பிரிவு எண் கொடுத்த பிறகே பெயர் மாற்ற இயலும். இது உட்பிரிவு உள்ள மாறுதல். முன்னதற்கு 15 நாளும் பின்னதற்கு 30 நாளும் கெடுவாகச் சொல்லப்படுகின்றன. முன்னது நில அளவர் பக்கம் போகவே தேவையில்லை. பின்னது கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், அளவைத் துறையின் மேலாய்வு, கடைசியாக வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஆகவே, முழு உட்பிரிவையும் வாங்கிய ஒருவருடைய மனு நில அளவரிடம் நிலுவை என்று காட்டினால், அது தாமதத்தின் அடையாளம் அன்று. மனுவே தவறான இனத்தில் பதிவாகியிருக்கிறது என்பதன் அடையாளம். அவர் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கே போய்ச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். திரையில் இருப்பது அதே வரிதான். ஆனால் இனம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது வெவ்வேறு செய்தியைச் சொல்கிறது.

இனி உட்பிரிவு உள்ள மாறுதலில் உண்டாகும் ஒரு சிக்கலை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பெயர்களும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, நடைமுறை மாத்திரம் உள்ளபடியே. ஒரு கிராமத்தில் 112/3 என்ற உட்பிரிவு ஓர் ஏக்கர், அதாவது கணக்கில் 0.40.50 ஹெக்டேர். அது அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு என்று இருபது வருஷமாக வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பயிர் செய்து வந்தார்கள், வரப்பும் இருக்கிறது. பாகப் பத்திரம் எழுதவில்லை. அண்ணன் இறந்துபோனார், அவர் மனைவி மக்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், பட்டாவில் அண்ணன் பெயர் அப்படியே நிற்கிறது. தம்பி தம் மேற்குப் பாதி 50 சென்டை ஒருவருக்கு விற்று, ஜூன் 2-ஆம் தேதி பத்திரம் பதிவாகிறது. வாங்கியவருக்கு மனு எண் கிடைக்கிறது.

ஜூன் 11 வரையில் மனு கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பதாகத் திரை காட்டுகிறது. பிறகு நில அளவரிடம் என்று மாறுகிறது. வாங்கியவர் சந்தோஷப்படுகிறார், ஒரு படி ஏறிவிட்டதல்லவா? அதன் பிறகு ஜூன் கழிகிறது, 30 நாள் கெடுவும் கழிகிறது, ஜூலை பாதி போகிறது. திரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஜூலை 20-ஆம் தேதி பார்க்கும்போது மனு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. காரணம் என்ற இடத்தில், ஆவணங்கள் போதுமானவை அல்ல என்று ஒரு வாக்கியம். எந்த ஆவணம், யாருடைய ஆவணம் என்ற விவரம் இல்லை. தம் விற்பனைப் பத்திரம் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று எண்ணிய அவர், அதே பத்திரத்தோடு, வில்லங்கச் சான்றின் நகலையும் சேர்த்து, புதிதாக ஒரு மனுப் போடுகிறார். இதுவும் அதே வழியில் போய், அதே இடத்தில் நின்று, அதே விதமாகத் திரும்பும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உண்மையில் நடந்தது என்ன? நில அளவர் சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கூட்டுப் பட்டாதாரராகக் கணக்கில் இருக்கும் அண்ணன் பெயருக்கும் ஒரு நோட்டீஸ் போயிற்று. இறந்தவர் பெயருக்கு எழுதப்பட்ட அந்தக் காகிதத்தை வாங்க ஆளில்லை, திரும்பிவிட்டது. மேற்குப் பாதி தம்பியுடையது என்பதற்கு வரப்பு ஒன்றே சாட்சி. கணக்கிலே இருவருக்கும் பிரிவினையின்றி முழு ஓர் ஏக்கரும் பொது. மற்ற பாகஸ்தர்களுடைய சம்மதம் இல்லாமல் நடுவே கோடு கிழித்து 112/3A, 112/3B என்று எழுதுவதற்கு நில அளவருக்கு அதிகாரமில்லை. எழுதினால் நாளைக்கு அண்ணன் மனைவி வழக்குத் தொடுத்தால் அவரே பதில் சொல்ல நேரும். எனவே மனுவைக் கையில் வைத்திருந்தார். கெடு தாண்டி அழுத்தம் வந்தபோது திருப்பிவிட்டார். இதற்குப் பரிகாரம் இருக்கிறது, அது அரிதுமன்று: அண்ணனுடைய வாரிசுகள் வாரிசுச் சான்று பெற்று, பட்டாவில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டு, தம்பியோடு பாகப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டால், அல்லது உட்பிரிவுக்குச் சம்மதித்து எழுத்து மூலம் தெரிவித்தால், கோடு போட யாதொரு தடையுமில்லை. அது வரையில், வாங்கியவர் தம் பெயரைக் கூட்டுப் பட்டாவில் ஒரு பாகஸ்தராகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அதற்கு அளவையே தேவையில்லை. இந்த இரண்டு வழிகளில் ஒன்றையாவது ஜூன் மாதத்திலேயே சொல்லியிருக்க ஒரு வாக்கியம் போதும்.

இந்த முறையின் முதற்பெரும் குறை இங்கேதான் இருக்கிறது. மனு யாரிடம் இருக்கிறது என்று அது சொல்கிறது. எதற்காக அங்கே நிற்கிறது என்று சொல்வதில்லை. நில அளவரிடம் நிலுவை என்னும்போது குறைந்தபட்சம் மூன்று நிலைமைகள் அதற்குள் அடங்கிக்கிடக்கின்றன. அவர் கட்டை இன்னும் திறந்தே பார்க்காமல் இருக்கலாம். ஒரு குறுவட்டம் முழுவதையும் ஒருவர் சுமக்கும்போது இது அபூர்வம் அன்று. அல்லது பார்த்துவிட்டு, அளக்க நாள் வைத்துக் காத்திருக்கலாம். வயலில் நெல்லோ கரும்போ நிற்கும்போது உள்ளே இறங்கிச் சங்கிலி பிடிக்க முடியாது, பழைய எல்லைக்கல் பெயர்ந்து போயிருந்தால் அக்கம்பக்கத்துக் கற்களிலிருந்து அளந்து வரவேண்டியிருக்கும். அல்லது, நம் உதாரணத்தைப் போல, மனுதாரரிடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ வர வேண்டிய ஒன்றுக்காக நிற்கலாம். முதல் நிலையில் மனுதாரர் நினைவூட்ட வேண்டும். இரண்டாவதில் பொறுமையாக இருக்க வேண்டும். மூன்றாவதில் ஓடியாடி ஆவணம் சேர்க்க வேண்டும். மூன்றுக்கும் நேரெதிரான மூன்று காரியங்கள் தேவைப்பட, அவருக்குக் காட்டப்படுவதோ ஒரே வரி. காத்திருக்க வேண்டிய இடத்தில் அலைந்தும், அலைய வேண்டிய இடத்தில் காத்திருந்தும் ஜனங்கள் சிரமப்படுவது அவர்களுடைய அறியாமையினால் என்று சொல்வது சரியன்று.

உள்ளே நடப்பதை ஓரளவு வெளியிலிருந்தே ஊகிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பக்கத்து நிலத்துக்காரருக்கு நில அளவரிடமிருந்து நோட்டீஸ் வந்ததா என்று கேட்டறியலாம். வந்திருந்தால் கட்டைத் திறந்தாகிவிட்டது, முதல் நிலை கடந்துவிட்டது. நாள் குறித்து வந்து அளந்து போன பிறகும் மேலே நகரவில்லையென்றால், தடங்கல் நிலத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். நில அளவரிடம் போன மனு திரும்பவும் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்ததாகத் திரை காட்டினால், அது ஏறக்குறைய நிச்சயமாக உரிமை பற்றிய சந்தேகமே. அளவை பற்றியது அன்று. எல்லாவற்றுக்கும் முன்னதாக, நிலம் வாங்குவதற்கு முன்பே, அதே இணையதளத்தில் சிட்டாவை எடுத்து, பட்டாதாரர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, அவர்களில் இறந்தவர் யாரேனும் உண்டா, விற்பவர் பெயருக்கு மட்டும் தனியாக இந்த உட்பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், பின்னால் வரும் நிலுவைகளில் பெரும் பகுதி வராமலே போகும். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் பிழையாக ஏறிய புலங்களில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டியிருக்கிறது. அந்தப் பிழைகளைத் திருத்துவது வேறு விசாரணை, மாறுதல் மனுவின் வழியில் அது தீராது.

இரண்டாவது குறை நாட்கணக்கைப் பற்றியது. என் அபிப்பிராயத்தில் முதற்குறையினும் இது கெடுதலானது. நிராகரிக்கப்பட்ட மனு, கணக்கில் முடிவடைந்த மனு. நம் உதாரணத்தில் ஜூலை 20-ஆம் தேதியோடு 48 நாள் கணக்கு மூடப்பட்டது. ஆகஸ்டில் போட்ட புது மனுவுக்குப் புது எண், புதுத் தேதி, ஒன்றிலிருந்து எண்ணிக்கை. வாங்கியவருக்கோ அது ஜூன் 2-இல் தொடங்கிய ஒரே காத்திருப்பு. அவர் இரண்டு, மூன்று மனுக்களுக்குப் பிறகு ஒரு வருஷம் கழித்துப் பட்டா பெற்றாலும், அரசாங்கத்தின் புள்ளிக்கணக்கில் அது சில வாரங்களில் முடிந்த மூன்று தனி மனுக்களாகவே விழும். தாமதத்துக்காக உத்தியோகஸ்தரைக் கேள்வி கேட்கிற ஒரு முறையும், குறை இருந்தால் கேட்டு வாங்காமல் நிராகரிக்க இடங்கொடுக்கிற ஒரு முறையும் ஒன்றாகச் சேர்ந்தால், கெடு நெருங்கும்போது நிராகரிப்பதே சுலபமான வழியாகிவிடும். இதில் தனி மனிதர்களின் துர்க்குணத்தைத் தேடுவது வீண். நல்ல எண்ணமுள்ள அதிகாரியும், மேலதிகாரி நிலுவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்கும்போது, அந்தப் பட்டியலிலிருந்து மனுவை எப்படியாவது வெளியேற்றத்தான் பார்ப்பார்.

இவ்விடத்தில் நில அளவருக்காகவும் கிராம நிர்வாக அலுவலருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நிலுவை எப்போதும் கையில் கட்டு வைத்திருப்பவரின் பெயருக்கு நேரே காட்டப்படுகிறபடியால், தாமதத்தின் பழி முழுவதும் கடைசிப் படியிலுள்ள அவர்கள் தலையிலேயே விழுகிறது. பத்திரத்தைப் பதிவு செய்யும்போது கூட்டுப் பட்டாவைக் கவனிக்காத இடம், இறந்தவர் பெயரை நீக்காமல் விட்ட கணக்கு, வாரிசுச் சான்றுக்காக வேறொரு மேஜையில் காத்திருக்கும் இன்னொரு மனு ஆகிய எதுவும் அந்த வரியில் தென்படுவதில்லை. பயிர் அறுவடையாகும் வரையில் அளக்க இயலாமல் நிற்பவரும், சோம்பலினால் நிற்பவரும் திரையில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். இது மனுதாரருக்கு எவ்வளவு அநியாயமோ, ஊழியருக்கும் அவ்வளவு அநியாயம்.

இவற்றைச் சரிசெய்வது சாத்தியமா என்பதற்கு வேறு இரண்டு முறைகளைப் பார்த்தால் போதும். ஒன்று சரக்கு மற்றும் சேவை வரிக்காக ஒரு வியாபாரி பதிவு கேட்கும் முறை. அங்கே மனு போட்டவுடன் `Pending for Processing` என்று நிலை காட்டும். அதிகாரிக்குச் சந்தேகம் எழுந்தால், என்ன வேண்டுமென்று குறிப்பிட்டு ஒரு நோட்டீஸ் விடுத்தாக வேண்டும், அப்போது நிலை `Pending for Clarification` என்று மாறும். மனுதாரர் 7 வேலைநாளுக்குள் இணையத்திலேயே பதில் கொடுக்கலாம்; எண் அதே எண், மனு அதே மனு. ஆபத்துக் குறி இல்லாத சாதாரண மனுவின் மேல் அதிகாரி 7 வேலைநாளுக்குள் எதுவுமே செய்யாவிட்டால், பதிவு வழங்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது; நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டியவற்றுக்கு 30 நாள். பந்து தன் பக்கம் இருக்கிறதா அதிகாரி பக்கம் இருக்கிறதா என்பதை வியாபாரி நிலையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். அலைவதா காத்திருப்பதா என்ற தடுமாற்றம் அவருக்கில்லை.

ஆனால் இந்த முறையையும் குற்றமற்றதென்று புகழ்ந்துவிட முடியாது. மௌனம் அனுமதியாக மாறிவிடும் என்ற பயம் இருப்பதனால், அவசியமற்ற ஒரு கேள்வியைக் கேட்டு நோட்டீஸ் விட்டுவிட்டு நாட்கணக்கை நிறுத்துவது வழக்கமாயிற்று. வாடகைக் கட்டடத்தில் கடை வைப்பவரிடம் வீட்டுக்காரருடைய ஆதாரும் பான் அட்டையும் கேட்பது போன்ற புகார்கள் பெருகி, கடைசியில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17-ஆம் தேதி ஒரு சுற்றறிவுரை வெளியிட்டு, பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்கலாகாதென்றும், ஊகத்தின்பேரில் கேள்வி எழுப்பலாகாதென்றும் தன் அதிகாரிகளுக்குச் சொல்ல நேர்ந்தது. கெடு மாத்திரம் இருந்து, கேட்கக்கூடியது இன்னதென்ற வரம்பு இல்லாவிட்டால், கேள்வியே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

மேலும், மௌனமே சம்மதம் என்ற அந்த விதியை நிலத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் திடமான எண்ணம். வரிப்பதிவில் மனுதாரருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே மூன்றாவது மனிதர் பெரும்பாலும் இல்லை. பட்டாவிலோ ஒவ்வொரு கோட்டுக்கும் அப்பால் இன்னொருவருடைய நிலம் இருக்கிறது. நம் உதாரணத்தில் 30-ஆம் நாள் மனு தானாக ஏற்கப்பட்டதென்று வைத்துக்கொண்டால், கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மனைவி ஒன்றும் அறியாமலேயே அவருடைய புலத்தின் நடுவில் கோடு விழுந்திருக்கும். ஒரு வேளை கிணறு மேற்கே போயிருக்கும். அதிகாரி தூங்கியதற்குத் தண்டனை அவருக்கா? பட்டா உரிமையின் முடிவான சாசனம் அன்று, உரிமை வழக்கைச் சிவில் நீதிமன்றமே தீர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் கிராமத்தில் கடன் வாங்கவும், மின் இணைப்புக் கேட்கவும், நஷ்டஈடு பெறவும் பட்டாவைத்தான் பார்க்கிறார்கள் என்பதும் அவ்வளவு உண்மை.

ஆகவே கடன் வாங்கத் தக்கது மௌன அனுமதி அன்று. கேள்வியை ஒரு தனி நிலையாகவே வைத்திருக்கும் ஏற்பாடு. அதோடு கர்நாடகத்திலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2011-ஆம் ஆண்டுச் சகாலா சட்டத்தின்படி, மனு கொடுக்கும்போதே கிடைக்கும் ரசீதில் ஓர் எண்ணும், காரியம் முடியவேண்டிய கடைசித் தேதியும் இருக்கும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய்க்கு மேற்படாமல், மனுதாரருக்கு ஈடு கேட்க உரிமை உண்டு. தொகை அற்பம், அதற்காக எவரும் வழக்காடப் போவதில்லை. ஆனால் தேதி மனுதாரர் கையில் இருக்கிறது, அதிகாரியின் மேஜைமேல் மாத்திரம் இல்லை என்பதே விசேஷம். நம் பட்டா நிலையில் மனு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அங்கே வந்த தேதி, அங்கிருந்து போகவேண்டிய தேதி, இப்போது யாரிடமிருந்து என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்ற மூன்று விவரங்கள் சேர்ந்தால், கணினிக்கு அது பெரிய வேலையன்று. கடைசி விவரத்தை அலுவலர் தம் இஷ்டப்படி எழுதாமல், இருபது முப்பது காரணங்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம்: கூட்டுப் பட்டாதாரர் காலமானார், வாரிசுச் சான்று தேவை, பாகப் பத்திரம் அல்லது சம்மதக் கடிதம் தேவை, பத்திரத்தின் விஸ்தீரணமும் கணக்கின் விஸ்தீரணமும் ஒத்துவரவில்லை, பயிர் நிற்கிறது, அறுவடைக்குப் பின் அளக்கப்படும், ஆட்சேபம் வந்திருக்கிறது, விசாரணைத் தேதி இன்னது. நிராகரித்த மனுவுக்குப் பதிலாக வரும் மனுவில் பழைய எண்ணையும் பழைய தேதியையும் சேர்த்தே காட்டிவிட்டால், மூன்று சிறு தாமதங்களுக்குள் ஒரு பெருந்தாமதம் மறைந்துகொள்ள வழியிராது.

இந்த மாறுதல்கள் வரும் வரையில், இப்போதுள்ள நிலையையே ஆதாரமாக்கிக்கொள்வதுதான் மனுதாரருக்கு நல்லது. நிலை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பழைய நிலைகள் எல்லாம் பிற்பாடு கண்ணுக்குக் கிடைக்குமென்று நம்புவதற்கில்லை. கெடு தாண்டிவிட்டால், மனு எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். அப்போது, என் மனு ஏன் தாமதம் என்று கேட்பதைவிட, அந்தக் கட்டில் எழுதப்பட்டுள்ள குறிப்புகளின் நகலும், நில அளவர் அனுப்பிய நோட்டீஸ்களின் நகலும், அவை சார்வான தேதியும் வேண்டும் என்று கேட்பது உத்தமம். காரணம் கேட்டால் விளக்கம் சொல்லித் தட்டிக்கழிக்க இடமுண்டு, நகல் கேட்டால் கட்டைத் திறந்தாக வேண்டும். 30 நாளில் பதில் கொடுக்கவேண்டியது கடமை. நம் உதாரணத்து மனிதர் அப்படிக் கேட்டிருந்தால், இறந்தவர் பெயருக்குப் போய்த் திரும்பிய நோட்டீஸ் அவர் கைக்கு வந்திருக்கும். அதைப் பார்த்தவுடன் கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதியிருப்பார்.

நிராகரிப்பு வந்தபின், உடனே புது மனுப் போடுவதா மேல்முறையீடு செய்வதா என்ற கேள்விக்கு, குறை எங்கே என்பதைப் பொறுத்துத்தான் விடை. கேட்கப்பட்டது நியாயமான ஆவணம், அது நம்மிடம் இல்லை என்றால், அதைச் சம்பாதித்துக்கொண்டு புது மனுப் போடுவதே குறுக்குவழி. ஆவணம் எல்லாம் இருந்தும், நமக்கு ஒரு வாய்ப்பும் தராமல் நிராகரித்திருந்தால், 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் 13-ஆம் பிரிவின்படி சீராய்வு உண்டு. மேல்முறையீட்டு மனுவோடு விற்பனைப் பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று இவற்றைச் சேர்ப்பது எல்லாரும் செய்வது. அவற்றோடு அச்செடுத்து வைத்த நிலைப் பக்கங்களையும் தேதி வரிசையாகக் கோத்து வைத்தால், எந்த மேஜையில் எத்தனை நாள் மனு நின்றது, அந்த நாட்களில் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை என்பதைக் கோட்டாட்சியர் ஒரே பார்வையில் காண்பார்.